பொய் என்றால் என்ன? ஒரு வரையறையைக் கட்டி எதிர் உதாரணங்களால் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொய் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் ‘உண்மை இல்லாததைச் சொல்வது’ என்றுதான் முதலில் பதில் வரும். ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கைக்கடிகாரம் 20 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது; அது அவருக்குத் தெரியாது. நீங்கள் மணி கேட்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ‘மணி நான்கு’ என்கிறார். உண்மையில் மணி 4.20. அவர் சொன்னது உண்மை இல்லை. ஆனாலும் அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லமாட்டோம். தவறாகச் சொல்லிவிட்டார் என்றுதான் சொல்வோம்.

இவ்வளவு சிறிய கதை ஒரு வரையறையைக் கவிழ்த்துவிட்டது. ஆனால் அது சரியாக எதைக் கவிழ்த்தது, எதைத் தொடவே இல்லை, அடுத்து வரையறையின் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தக் கதையால் பயன் இல்லை. இந்தக் கேள்விகளைப் ‘பொய்’ என்ற ஒரே கருத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். பொய்யைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நெடுங்காலம் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருந்த ஒரு வரையறை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சில எதிர் உதாரணங்களால் ஆட்டம் கண்டது. அந்த விவாதத்தைப் பின்தொடர எந்த முன்படிப்பும் தேவையில்லை. பொய் எது என்று நம் எல்லோருக்கும் பழக்கத்தில் தெரியும்.

முதல் படி: வரையறை எந்தத் திசையில் என்ன சொல்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தத்துவத்தில் ஒரு வரையறை ஒரே நேரத்தில் இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. ‘இந்த நிபந்தனைகள் இல்லாமல் பொய் இருக்காது’ என்பது ஒன்று. ‘இந்த நிபந்தனைகள் எல்லாம் இருந்துவிட்டால் அது பொய்தான், வேறெதுவும் வேண்டாம்’ என்பது மற்றொன்று. முதலாவதில் நிற்பவை தேவையான நிபந்தனைகள். இரண்டாவது, அவை எல்லாம் சேர்ந்து போதுமானவை என்கிறது. கணிதப் பாடநூல்களில் ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று ஒரே மூச்சில் எழுதப்படுவது இந்த இரண்டையும்தான். ‘இருந்தால்’ என்பது போதுமான தன்மை. ‘இருந்தால் மட்டுமே’ என்பது தேவை.

இந்த இரண்டு திசைகளையும் இந்தியத் தர்க்க மரபு மிகக் கச்சிதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுத் தர்க்க ஆசிரியர் அன்னம்பட்டர் பசுவை வைத்து அதை விளக்குகிறார். பசுவின் இலக்கணம் கபிலம் என்ற பழுப்பு நிறம் என்றால், வேறு நிறப் பசுக்கள் வெளியே விடுபட்டுப் போகின்றன. இந்தக் குற்றத்துக்கு அவ்வியாப்தி என்று பெயர். கொம்பு உடையது பசு என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடுகின்றன. இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்பு உடையது என்றால் ஒரு பசுவுக்குக்கூடப் பொருந்தாது. இது அசம்பவம். நம் கணக்கில், அவ்வியாப்தியைக் காட்டுகிற உதாரணம் ‘தேவை’ என்ற வாக்குறுதியை உடைக்கிறது. அதிவியாப்தியைக் காட்டுவது ‘போதும்’ என்ற வாக்குறுதியை உடைக்கிறது.

ஒரு நிபந்தனை தேவையா என்று பார்க்க, ‘இது இல்லாமலும் அது இருக்க முடியுமா?’ என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த நிபந்தனை தேவையில்லை. நிபந்தனைகள் போதுமா என்று பார்க்க, ‘இவை எல்லாம் இருந்தும் அது இல்லாமல் போக முடியுமா?’ என்று கேளுங்கள். முடியும் என்றால் போதாது. இரண்டு கேள்விகளிலும் வருவது ‘முடியுமா’ என்ற சொல்தான், ‘இதுவரை நடந்திருக்கிறதா’ அல்ல. வரையறை, நடந்த பொய்களைப் பற்றி மட்டும் அல்லாமல் நடக்கக்கூடிய எல்லாப் பொய்களையும் பற்றிப் பேசுகிறது. அதனால்தான் கற்பனைக் கதை ஒன்றால் அதைச் சோதிக்க முடிகிறது. ‘இப்படி யாருக்கும் நடந்ததில்லையே’ என்பது எதிர் உதாரணத்துக்குப் பதில் ஆகாது. ‘இந்தக் கதைக்குள்ளேயே முரண்பாடு இருக்கிறது, இப்படி நடக்கவே முடியாது’ என்று காட்டினால் அது பதில்.

இரண்டாம் படி: நிபந்தனைகளைத் தனித்தனியாக எழுதி எண் போடுங்கள்

நம் முதல் வரையறையை உடைத்து எழுதினால் இரண்டு நிபந்தனைகள் கிடைக்கின்றன.

1. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்கிறார்.
2. அந்தச் செய்தி உண்மை இல்லை.

கடிகாரக்காரரிடம் இரண்டுமே இருக்கின்றன, ஆனால் பொய் இல்லை. ஆகவே இந்த இரண்டும் போதாது. இது அதிவியாப்தி. இரண்டாம் நிபந்தனை தேவையா இல்லையா என்பது பற்றி அவருடைய கதை ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிர்த் திசையில் வேறொரு கதை வேண்டும். பொய் இருக்க வேண்டும், இரண்டாம் நிபந்தனை மட்டும் இருக்கக் கூடாது.

அப்படி ஒரு கதையை அமைக்கலாம். ஒரு பெண் தன் நண்பனைப் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறாள். தேடி வந்தவர்களிடம் ‘அவன் ஊரைவிட்டே போய்விட்டான்’ என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அவன் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பின்வாசல் வழியாக இறங்கி, ரயில் ஏறிப் போய்விட்டான். அவள் சொன்னது தற்செயலாக உண்மையாகிவிட்டது. அவள் பொய் சொன்னாளா?

பெரும்பாலான தத்துவவாதிகள் ஆம் என்பார்கள். பொய்யை உலகத்தோடு அல்லாமல் பேசுபவரின் மனத்தோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்ற கருத்து மிகப் பழையது. கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் கி.பி. 395 வாக்கில் பொய்யைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்பவரே பொய்யர் என்பது அவருடைய நிலை. ஆனால் இன்றும் எல்லோரும் இதை ஏற்கவில்லை. சொன்ன செய்தி உண்மையில் தவறாகவும் இருக்க வேண்டும் என்று தாமஸ் கார்சன் போன்ற இன்றைய தத்துவவாதிகள் சிலர் வாதிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவள் பொய் சொல்ல முயன்றாள், ஆனால் அது பொய்யாகவில்லை.

இப்படித் தீர்ப்பில் கருத்து வேறுபாடு உள்ள உதாரணத்தின்மேல் பெரிய கட்டடம் எழுப்பாதீர்கள். கடிகாரக்காரரைப் பற்றிய தீர்ப்பில் யாருக்கும் தயக்கம் இல்லை, பரண் கதையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே எடையுள்ள சான்றாக வைப்பது வரையறை வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. பரண் கதையைத் ‘தீர்ப்பு நிலுவையில்’ என்று குறித்து ஓரமாக வைத்துவிட்டு, பேசுபவரின் நம்பிக்கையை நிபந்தனையாக எடுத்துக்கொண்டு மேலே போகலாம். கடிகாரக்காரர் விஷயத்தில் குறைந்தது அது தவறாமல் வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: திருத்திய வரையறையில் ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாக எடுத்துப் பாருங்கள்

இப்படித் திருத்தித் திருத்தி வந்தடைவது நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த வரையறை:

1. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்கிறார்.
2. அது உண்மை இல்லை என்று அவர் நம்புகிறார்.
3. கேட்பவர் அதை உண்மை என்று நம்ப வேண்டும் என்று எண்ணுகிறார்.

இரண்டாவதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘முரளியை நேற்றுப் பார்த்தாயா?’ என்று கேட்கப்பட்டவர், ‘ஒரு மாதமாக அவன் இந்தத் தெருப் பக்கமே வரவில்லையே’ என்கிறார். அது உண்மை. ஆனால் நேற்று மாலை முரளியை அவர் வேறொரு தெருவில் சந்தித்துப் பேசினார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் முழுமையாக இருக்கிறது, ஏமாற்றும் நடந்துவிட்டது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை; உண்மையைச் சொல்லித் திசைதிருப்பினார். ஆகவே முதலாவதும் ஏமாற்றும் எண்ணமும் சேர்ந்து போதாது.

மூன்றாவதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மேடையில் ஒரு நடிகர், கூண்டில் நிற்கும் சாட்சியாக நடித்துக்கொண்டு, ‘நான் அவரை அங்கே பார்க்கவே இல்லை’ என்கிறார். செய்தியைச் சொல்கிறார். அது உண்மை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் குறிப்பிடும் ‘அவர்’ எதிரே நிற்கும் சக நடிகர், ஒத்திகை முழுவதும் அவரைப் பார்த்தவர் இவர். அவர் பொய் சொல்லவில்லை. முதலிரண்டு நிபந்தனைகளும் போதாது என்பது உறுதியாகிறது.

இந்த இடத்தில்தான் மிகப் பெரிய வழுக்கல் இருக்கிறது. நடிகரின் கதையைப் பார்த்தவுடன், ‘அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை, அதனால்தான் அது பொய் இல்லை, ஆகவே ஏமாற்றும் எண்ணம் பொய்க்குத் தேவை’ என்று சொல்லத் தோன்றும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிவு பின்தொடரவில்லை. நடிகரிடம் ஏதோ ஒன்று குறைகிறது என்பதை மட்டுமே அந்தக் கதை நிறுவுகிறது. குறைவது எது என்பதை அது சொல்லவில்லை. நடிகரிடம் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பது உண்மை. அவரிடம் வேறு பலவும் இல்லை. அந்த வாக்கியத்தைத் தன் சொல்லாக அவர் சொல்லவில்லை, அதற்கு அவர் பொறுப்பும் ஏற்கவில்லை. குறையை நிரப்ப இவற்றில் எது வேண்டுமானாலும் வரலாம். போதாமையைக் காட்டும் கதை எதுவும், புதிதாகச் சேர்க்கும் நிபந்தனை தேவையானது என்று நிரூபிக்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

நான்காம் படி: புதிய நிபந்தனைக்கு எதிராகவே ஒரு கதையைக் கட்டுங்கள்

ஏமாற்றும் எண்ணம் தேவையா? பொய் இருந்து, அந்த எண்ணம் மட்டும் இல்லாத கதை கிடைத்தால் இல்லை என்று ஆகிவிடும். 2006இல் தாமஸ் கார்சனும், 2007இல் ராய் சோரென்சனும் இப்படிப்பட்ட கதைகளை முன்வைத்தார்கள். கார்சன் தரும் சாட்சி உதாரணத்தின் சாயலில் ஒன்றை நாமே கட்டுவோம். கட்டும்போது, கதையில் வரும் ஒவ்வொரு விவரமும் எதற்காக வருகிறது என்று கவனியுங்கள்.

ஒருவர் ஒரு கொலையை நேரில் பார்த்துவிட்டார். கொலையாளியின் ஆட்கள் அவரை மிரட்டியிருக்கிறார்கள். சம்பவ இடத்தில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. சாட்சி அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் அதில் தெரிகிறது. அந்தக் காட்சி நீதிமன்றத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டப்பட்டுவிட்டது. அதன் பிறகு அவர் கூண்டில் ஏறி, ‘நான் அவரை அங்கே பார்க்கவே இல்லை’ என்கிறார்.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். செய்தியைச் சொல்கிறாரா? சொல்கிறார். உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியுமா? தெரியும். யாராவது நம்ப வேண்டும் என்று எண்ணுகிறாரா? காட்சியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தன்னை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். கொலையாளியின் ஆட்கள்கூட நம்பப் போவதில்லை, அவர்களுக்கு வேண்டியது அவர் எதிராகச் சாட்சி சொல்லாமல் இருப்பது மட்டும்தான். ஆகவே மூன்றாவது இல்லை. தீர்ப்பு? அவர் பொய் சொன்னார், அதுவும் பட்டப்பகலில், எல்லோர் முன்னிலையிலும்.

இதில் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். யாராவது ஒருவர் நம்பிவிட மாட்டாரா என்று சாட்சியின் மனத்தின் மூலையில் ஒரு நப்பாசை இருந்தால்? அப்படியானால் மூன்றாவது நிபந்தனை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும், எதிர் உதாரணம் வீணாகிவிடும். எனவே கதையை இன்னும் இறுக்குங்கள். முந்தைய இரவு மனைவியிடம் அவர், ‘யாரும் நம்பப் போவதில்லை, யாரும் நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை, அவன் தண்டனை பெற்றால் சந்தோஷம்தான்’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். இப்போது நப்பாசைக்கு இடமில்லை. தீர்ப்பு மாறிவிட்டதா? இல்லை. இப்படி ஒரு விவரத்தை இறுக்கியும் தீர்ப்பு அசையாமல் நின்றால் கதை உறுதியானது.

நல்ல எதிர் உதாரணத்துக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. சோதிக்கப்படும் நிபந்தனை ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அதில் ஐயத்துக்கு இடமின்றி நிறைவேறியிருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள் ஒரே கதையில் தடுமாறினால், தீர்ப்பு எதனால் வந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: எதிர் உதாரணத்துக்கு வரும் பதில்களைத் தரம் பிரியுங்கள்

வரையறைக்காரர் உடனே தோற்றுவிட வேண்டியதில்லை. அவருக்கு நியாயமான வழிகள் இருக்கின்றன. சாட்சி சொன்னது உண்மையில் பொய் இல்லை என்று தீர்ப்பையே மறுக்கலாம். சிலர் அப்படி மறுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அப்படி மறுப்பவர் வேறொரு கடன் ஏற்கிறார். பொய் இல்லையென்றால் அது என்ன, நமக்கு ஏன் பொய் என்றே தோன்றுகிறது என்று விளக்க வேண்டும். வெறும் ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்பது போதாது.

நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை மறுப்பது இன்னொரு வழி. ஜெனிஃபர் லாக்கி 2013இல் எடுத்தது இந்த வழி. ஏமாற்றுவது என்றால் தவறான நம்பிக்கையை ஊட்டுவது மட்டும் அல்ல, தகவலை மறைப்பதும் ஏமாற்றுதான் என்கிறார். கூண்டில் நிற்பவர் தன் சாட்சியம் என்ற தகவலை மறைக்கிறார், ஆகவே ஏமாற்றும் எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. இது கெட்டிக்காரத்தனமான நகர்வு, மதிக்கத்தக்கது. ஆனால் நிபந்தனையின் பொருளை விரித்துவிட்டதால் சோதனைகளை எல்லாம் மறுபடி நடத்த வேண்டியிருக்கிறது. எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்ட ஒன்றில் மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

தவிர்க்க வேண்டிய வழி ஒட்டுப்போடுவது. ‘ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும்’ என்று நிபந்தனையைத் திருத்தினால் சாட்சி உள்ளே வந்துவிடுவார். ஆனால் நீதிமன்றத்துக்கும் பொய்க்கும் என்ன உறவு என்று ஒட்டுக்குள் எந்த விளக்கமும் இல்லை. ஒட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கதையின் எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றுங்கள். கார்சனுடைய இன்னோர் உதாரணம் அதைச் செய்கிறது. ஒரு மாணவர் தேர்வில் காப்பியடித்துவிட்டார். அது கல்லூரித் தலைவருக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியும் என்பது மாணவருக்கும் தெரியும். ஆனால் மாணவரே ஒப்புக்கொள்ளாதவரை அந்தத் தலைவர் தண்டிக்கமாட்டார். மாணவர் ‘நான் காப்பியடிக்கவில்லை’ என்கிறார். இங்கே நீதிமன்றம் இல்லை, பொய் இருக்கிறது. ஒட்டு கிழிந்துவிட்டது.

ஆறாம் படி: ஜோடிக் கதைகளிலிருந்து சரியான நிபந்தனையைக் கண்டுபிடியுங்கள்

மூன்றாவது நிபந்தனையைக் கைவிடுவதாக முடிவு செய்தால், அந்த இடத்தில் எதை வைப்பது? அதை நீக்கிவிட்டு இரண்டோடு நின்றால் நடிகர் திரும்பவும் உள்ளே வந்துவிடுவார். தேடும் வழி இதுதான்: நடிகரையும் சாட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். வாக்கியம் ஒன்றே, ‘நான் அவரை அங்கே பார்க்கவே இல்லை’. இருவரும் அது உண்மை இல்லை என்று அறிந்தவர்கள். இருவருக்கும் யாரையும் நம்பவைக்கும் எண்ணம் இல்லை. ஆனால் ஒருவர் பொய் சொல்கிறார், மற்றவர் சொல்லவில்லை. ஆகவே தேடும் நிபந்தனை இந்த இருவருக்கும் இடையே மிச்சம் இருக்கும் வேறுபாட்டுக்குள்தான் கிடக்கிறது.

சாட்சி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்று நிற்கிறார். அது தவறாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நடிகரிடம் யாரும் அப்படிக் கணக்குக் கேட்க முடியாது. கார்சன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பொய் சொல்பவர் தன் சொல் உண்மை என்று உத்தரவாதம் தருகிறார், அது உண்மை என்று நம்பாமலே தருகிறார். டான் ஃபாலிஸ் 2009இல் வேறொரு சொல்முறையைத் தந்தார். ‘உண்மை இல்லை என்று நம்புவதைச் சொல்லாதே’ என்ற பேச்சு விதி நடைமுறையில் இருக்கும் சூழலில் இருப்பதாக நம்பிக்கொண்டே அதை மீறுபவர் பொய் சொல்கிறார் என்பது அவர் கருத்து. மேடையில் அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, கூண்டில் இல்லை. நாம் உத்தரவாதத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்கிறார்.
2. அது உண்மை இல்லை என்று அவர் நம்புகிறார்.
3. அது உண்மை என்று பொறுப்பேற்கும் வகையில் சொல்கிறார்.

ஏழாம் படி: திருத்தியதை இரண்டு திசையிலும் மறுபடி சோதியுங்கள்

திருத்தம் ஒரு திசையில் இருந்த ஓட்டையை அடைக்கும்போது மறுதிசையில் ஒன்றைத் திறந்துவிடுவது வழக்கம். முதலில் அதிவியாப்தி இருக்கிறதா என்று பாருங்கள். வேலையைக் கெடுத்துவிட்டவரிடம் ஒருவர் ‘பிரமாதமாகச் செய்துவிட்டீர்கள்’ என்று குத்தலாகச் சொல்கிறார். தான் சொல்வது உண்மை இல்லை என்று நம்புகிறார். ஆனால் அந்தச் சொற்களின் நேர்ப்பொருளுக்கு அவர் பொறுப்பேற்கவில்லை, கேட்பவரும் அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார். மூன்றாவது நிபந்தனை அவரைச் சரியாக வெளியே நிறுத்துகிறது.

அவ்வியாப்தி பக்கம் இன்னும் சுவாரசியமானது. ‘அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று ஒருவர் சொல்கிறார். உண்மையில் அவர் நன்றாக இருப்பது சொல்பவருக்குத் தெரியும். ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று உத்தரவாதத்தை வெளிப்படையாகக் கைகழுவிவிட்டார், ஆனாலும் பொய் என்றே தோன்றுகிறது. நம் மூன்றாவது நிபந்தனை உடைந்ததா? அவசரப்படாமல், அவர் சொன்ன செய்தி எது என்று கேளுங்கள். ‘அவருக்கு உடம்பு சரியில்லை’ என்பதற்கு அவர் பொறுப்பேற்கவில்லை. ஆனால் ‘நான் அப்படி நினைக்கிறேன்’, ‘எனக்கு உறுதியாகத் தெரியாது’ என்ற இரண்டுக்கும் முழுப் பொறுப்போடுதான் பேசுகிறார். இரண்டும் உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும். பொய் அங்கே இருக்கிறது. எதிர் உதாரணம் என்று தோன்றிய பல கதைகள், சோதிக்கப்படும் செய்தியைத் தவறாக அடையாளம் கண்டதால் வந்தவை. கதையின் ஓரத்தில் செய்தியைத் தனி வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொரு சோதனைக்குக் கதையே வேண்டாம். ‘பொறுப்பேற்பது’ என்றால் என்ன என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். ‘தவறாக இருந்தால் பொய்யர் என்று அழைக்கப்படத் தயாராக இருப்பது’ என்று பதில் சொன்னால் வரையறை தன்னையே சுற்றி வருகிறது. பொய்யை விளக்கப் பொய்யையே பயன்படுத்திவிட்டீர்கள். இப்படிப்பட்ட வரையறைக்கு எதிர் உதாரணமே கிடைக்காது, அது அதன் பலம் அல்ல. எந்தக் கதைக்கும் பிடிகொடுக்காத நிபந்தனையைக் கண்டால் முதலில் இந்தச் சுழற்சியைத் தேடுங்கள்.

எட்டாம் படி: திருத்துவதை எப்போது நிறுத்துவது

எதிர் உதாரணம், திருத்தம், மறுபடி எதிர் உதாரணம் என்று தொடர் நீளும்போது, அடிகள் எல்லாம் ஒரே திசையிலிருந்து, ஒரே செய்முறையில் வருகின்றனவா என்று பாருங்கள். இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் அறிவு பற்றிய விவாதம். அறிவு என்பது உண்மையான, தக்க காரணமுள்ள நம்பிக்கை என்ற வரையறையை எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்று பக்கக் கட்டுரையில், இரண்டே கதைகளால் தாக்கினார். இரண்டும் போதாமையை மட்டுமே காட்டின. உண்மையும் நம்பிக்கையும் காரணமும் அறிவுக்குத் தேவை என்பதை அவர் தொடவே இல்லை. பலர் நான்காவது நிபந்தனை தேடிப் புறப்பட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் புதிய கதை வந்தது. 1994இல் லிண்டா ஜாக்செப்ஸ்கி அந்தக் கதைகளின் செய்முறையையே வெளியே எடுத்து வைத்தார். தவறவும் கூடிய நல்ல காரணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துரதிர்ஷ்டத்தால் நம்பிக்கை தவறாகிவிடும் நிலையை அமையுங்கள். பிறகு வேறொரு தற்செயலால் அதை உண்மையாக்கிவிடுங்கள். காரணத்துக்கும் உண்மைக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும்வரை இந்தச் செய்முறை வேலை செய்யும் என்பது அவர் வாதம். அப்படி ஒரு செய்முறை கண்ணில் பட்டால், அடுத்த ஒட்டைத் தேடாமல் அந்த இடைவெளியை அடைப்பதா, வரையறையின் அமைப்பையே மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. அந்தக் கருத்துக்கு எல்லாம்-அல்லது-ஒன்றுமில்லை என்ற வகை வரையறையே இல்லாமல் இருக்கலாம். மொழியியலாளர்கள் லிண்டா கோல்மனும் பால் கேயும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொய்யை வைத்தே சோதித்தது. செய்தி உண்மையில் தவறு, பேசுபவர் அதைத் தவறு என்று நம்புகிறார், ஏமாற்ற எண்ணுகிறார் என்ற மூன்று கூறுகளில் சில இருந்து சில இல்லாத சிறு கதைகளை ஆங்கிலம் பேசுவோருக்குக் கொடுத்து, இது பொய்யா, எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். மூன்றும் உள்ள கதை தெளிவான பொய், மூன்றும் இல்லாதது தெளிவாகப் பொய் அல்ல, இடைப்பட்டவை படிப்படியாக நின்றன. அப்படிப் பார்த்தால் நிபந்தனைகள் உள்ளே, வெளியே என்று பிரிக்கும் கதவுகளாக இல்லாமல் ஆளுக்கொரு எடை உள்ளவையாக ஆகின்றன. ஆனால் அந்த எடையை அளக்க அவர்கள் பயன்படுத்தியதும் ஒரு கூறை மட்டும் மாற்றி எழுதப்பட்ட கதைகளைத்தான். மூன்றில் மிக அதிக எடை பெற்றது பேசுபவரின் நம்பிக்கை, அடுத்தது ஏமாற்றும் எண்ணம். செய்தி உண்மையில் தவறாக இருப்பது கடைசியில் வந்தது. நிலுவையில் வைத்த பரண் கதைக்குத் தீர்ப்பு எழுத இந்த வரிசை ஒரு சான்று. அதுவே முடிவான தீர்ப்பு அல்ல, ஏனென்றால் ‘செய்தி தவறாக இருப்பதற்கு எடை குறைவு’ என்பதும் ‘அது பொய்க்குத் தேவையே இல்லை’ என்பதும் இரண்டு தனிக் கூற்றுகள்.